டைமிங் பெல்ட் மாற்றியதிலிருந்து பெர்டானா நடுங்குகிறது. மாமாவின் வி6 மட்டும் ஏன் நடுங்குவதில்லை?

சிப்புட் பெர்டானா | ஞாயிறு இரவு 9.42

எல்லாருக்கும் வணக்கம். நான் சுங்கை சிப்புட். அப்பா தோட்டத்தில் கிராணியாக இருந்தபோது வாங்கிய பெர்டானா 2.0 இப்போது என்னிடம் இருக்கிறது. நாலு சிலிண்டர், 4ஜி63 எஞ்சின். போன மாதம் இங்கே ஒரு பட்டறையில் டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் மாற்றினேன்.

காடியை எடுத்துக்கொண்டு டவுனுக்குள் சுற்றியபோது ஒன்றும் தெரியவில்லை. சனிக்கிழமை ஈப்போவுக்கு ஹைவேயில் ஏறியதும்தான் ஆரம்பித்தது. ஆர்பிஎம் 2500ஐத் தாண்டினால் ஸ்டியரிங்கில் வண்டு ரீங்கரிப்பது மாதிரி ஓர் அதிர்வு. 3000இல் நடுக் கண்ணாடியில் பின்னால் வரும் லோரியின் நம்பரைப் படிக்க முடியவில்லை, எல்லாம் கலங்கிப்போகிறது. அரை மணி நேரம் ஓட்டினால் உள்ளங்கால் மரத்துவிடுகிறது. ஆனால் ஐடலில் எப்போதும் போலத்தான் நிற்கிறது.

திரும்பப் போய்க் கேட்டேன். "பழைய காடி, மவுண்டிங் போயிருக்கும், நாலு சிலிண்டர் என்றாலே அப்படித்தான்" என்றார்கள். நாலு மவுண்டிங்கும் மாற்றினேன். 400 வெள்ளி போனதுதான் மிச்சம், நடுக்கம் அப்படியே இருக்கிறது.

மாமாவிடம் பெர்டானா வி6 இருக்கிறது. அதுவும் 2.0தான், பாடியும் ஏறக்குறைய அதேதான். 5000 வரை ஏற்றினாலும் கண்ணாடி கலங்குவதில்லை. என் காடிக்கு என்ன ஆயிற்று? நாலு சிலிண்டர் ஏன் ஆறைவிட அதிகமாக நடுங்குகிறது?

---

லோரி முத்து | ஞாயிறு இரவு 10.15

தம்பி, இதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. கிராங்க் ஒரு சுற்று சுற்றினால் நாலு சிலிண்டரில் இரண்டு வெடி, ஆறு சிலிண்டரில் மூன்று வெடி. வெடி நெருக்கமாக வந்தால் ஓட்டம் வழவழப்பாக இருக்கும். நான் இருபது வருஷமாக ஆறு சிலிண்டர் லோரி ஓட்டுகிறேன், எனக்குத் தெரியாததா?

இன்னொன்று, கிராங்க்கில் எதிர் எடை என்று இரும்புக் கட்டி இருக்கும். மலிவான எஞ்சினில் அதைச் சின்னதாகப் போட்டுவிடுவார்கள். கனமாகப் போட்டிருந்தால் நடுங்காது. இனிமேல் அதை மாற்ற முடியாது, ஓட்டிப் பழகிக்கொள்ளுங்கள்.

---

ஆக்ஸியா ராணி | ஞாயிறு இரவு 10.31

எனக்கும் இதே பிரச்சினைதான் அண்ணா! என்னுடையது ஆக்ஸியா. சிக்னலில் ஏர்கான் போட்டு நின்றால் சீட்டெல்லாம் குலுங்குகிறது. ஓட ஆரம்பித்தால் சரியாகிவிடுகிறது. எனக்கும் பெல்ட்தான் காரணமா?

---

மில் ஃபோர்மன் | திங்கள் காலை 6.20

ராணி, உங்களுடையது வேறு கதை. அதை அப்புறம் பார்ப்போம்.

பெர்டானா தம்பிக்கு முதலில் ஒரு கேள்வி. காடியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, ஆக்ஸிலேட்டரை மெதுவாக அழுத்தி 3000இல் பிடித்துப் பாருங்கள். நடுக்கம் வருகிறதா? வந்தால் டயர், ரிம், டிரைவ் ஷாஃப்ட் எல்லாவற்றையும் மறந்துவிடலாம். வராவிட்டால் எஞ்சினை விட்டுவிட்டு சக்கரத்தைப் பாருங்கள்.

இரண்டாவது, பெல்ட் மாற்றுவதற்கு முன்னால் ஹைவேயில் இந்த நடுக்கம் இருந்ததா? ஞாபகத்தில் இருப்பதை மட்டும் சொல்லுங்கள், கூட்டிச் சொல்ல வேண்டாம்.

---

சிப்புட் பெர்டானா | திங்கள் மாலை 6.05

செய்து பார்த்தேன் ஐயா. நியூட்ரலிலும் அப்படியேதான் வருகிறது. 2000 வரை பரவாயில்லை. 2500இல் டேஷ்போர்டு கிரீச்சிடுகிறது, 3000இல் கியர் லீவர் மங்கலாகத் தெரிகிறது. ஒன்று கவனித்தேன். மேலும் கீழும் ஆடுவது போக, பக்கவாட்டிலும் ஆடுகிறது. பானட்டைத் திறந்து பார்த்தால் எஞ்சின் மூடி வட்டமடிப்பது மாதிரி இருக்கிறது.

பெல்ட் மாற்றுவதற்கு முன்னால் இல்லவே இல்லை. ஹரிராயா லீவில் பினாங்கு போய் வந்தோம், அம்மா பின் சீட்டில் தூங்கிக்கொண்டு வந்தார்.

---

மில் ஃபோர்மன் | திங்கள் இரவு 8.50

பக்கவாட்டிலும் ஆடுகிறது, வட்டமடிக்கிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு ஏறக்குறையப் பதில் தெரிந்துவிட்டது. சொல்வதற்கு முன்னால் முத்து அண்ணன் சொன்ன இரண்டையும் பார்த்துவிடுவோம்.

வெடி பற்றி அவர் சொன்னது ஐடலுக்குச் சரி. மெதுவாகச் சுற்றும்போது ஒவ்வொரு வெடியும் எஞ்சினை ஒரு பக்கமாகத் திருகிவிட்டுப் போகிறது. ஆறில் அந்தத் திருகல் அடிக்கடி வருவதால் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஆனால் வேகம் ஏற ஏற நடுக்கம் கூடுகிறது என்றால் அங்கே வேலை செய்வது வெடி இல்லை, மேலும் கீழும் போகும் பிஸ்டனின் எடை.

எதிர் எடையைக் கனமாகப் போட்டால் சரியாகும் என்பது தவறு. நாலு சிலிண்டரில் 1ம் 4ம் மேலே இருந்தால் 2ம் 3ம் கீழே. கிராங்க்கை மட்டும் கழற்றி இரண்டு முனையிலும் தாங்கி வைத்தால் அது எந்தப் பக்கமும் சாயாது, ஏற்கெனவே சமம். அப்படியானால் எதிர் எடை எதற்கு? ஒவ்வொரு கிராங்க் பின்னும் தன் பக்கம் கிராங்க்கை இழுத்து வளைக்கப் பார்க்கும், நடு பேரிங்கைப் போட்டு அடிக்கும். அதைத் தடுக்கத்தான். நீங்கள் காலில் உணரும் நடுக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. எதிர் எடை கிராங்க்கோடு சேர்ந்து சுற்றுகிறது, ஒரு சுற்றுக்கு ஒரு தடவை. உங்கள் நடுக்கமோ ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை வருகிறது. ஒரு தடவை சுற்றும் பொருளை வைத்து இரண்டு தடவை வரும் ஆட்டத்தை நிறுத்த முடியாது, அது எவ்வளவு கனமாக இருந்தாலும் சரி.

---

லோரி முத்து | திங்கள் இரவு 9.12

இரண்டு பிஸ்டன் மேலே போகும்போது இரண்டு கீழே வருகிறது. அடித்துக்கொண்டு சரியாகிவிட்டது. அப்புறம் எங்கே இருந்து வருகிறது இந்த இரண்டு தடவை ஆட்டம்?

---

மில் ஃபோர்மன் | திங்கள் இரவு 9.30

நல்ல கேள்வி. மேலே போகிற இரண்டும் கீழே வருகிற இரண்டும் ஒரே வேகத்தில் போவதில்லை. அதுதான் முழு விஷயமும். கனெக்டிங் ராடு சாய்வதால் வரும் வினை. கிராங்க் கால் சுற்று சுற்றினால் பிஸ்டன் சரியாகப் பாதி தூரம் வந்திருக்கும் என்று நினைப்போம். வந்திருக்காது, பாதியைத் தாண்டியிருக்கும். எழுத்தில் சொன்னால் புரியாது, வரைந்து பார்த்தால் புரிந்துவிடும்.

---

கணக்கு டீச்சர் | செவ்வாய் பிற்பகல் 3.15

நான் காடி பற்றி ஒன்றும் அறியாதவள். தமிழ்ப்பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். கணவர் இந்த இழையைக் காட்டினார், வரைந்து பார்த்துவிட்டேன்.

4ஜி63இல் ஸ்ட்ரோக் 88 மில்லிமீட்டர், ராடு 150 என்று அவர் சொன்னார். அட்டையில் 44 மி.மீ. ஆரத்தில் ஒரு வட்டம், 150 மி.மீ. நீளத்தில் ஓர் ஐஸ்கிரீம் குச்சி (இரண்டை ஒட்டினேன்), மேலே ஒரு செங்குத்துக் கோடு. குச்சியின் ஒரு முனை வட்டத்தின் மேல், மறுமுனை கோட்டின் மேல் நகர வேண்டும். அந்த மறுமுனைதான் பிஸ்டன்.

உச்சியிலிருந்து கால் சுற்று சுற்றியதும் பிஸ்டன் 50.6 மி.மீ. இறங்கிவிட்டது. அடுத்த கால் சுற்றில் 37.4 மட்டும்தான் இறங்குகிறது. குச்சி சாய்ந்து நிற்கும்போது அதன் உயரம் குறைந்துபோவதால் முதல் பாதியில் அந்தக் குறைவும் சேர்ந்து பிஸ்டனைக் கீழே இழுக்கிறது.

இப்போது நாலு பிஸ்டனையும் சேர்த்துப் பாருங்கள். தொடக்கத்தில் இரண்டு உச்சியில், இரண்டு அடியில். சராசரி ஆழம் 44. கால் சுற்றுக்குப் பிறகு நாலுமே 50.6இல் நிற்கின்றன. சராசரி 6.6 மி.மீ. கீழே போய்விட்டது! அடுத்த கால் சுற்றில் மறுபடி 44. அப்புறம் மறுபடி 50.6. ஒரு முழுச் சுற்றுக்குள் இரண்டு தடவை ஏறி இறங்குகிறது. ஃபோர்மன் ஐயா சொன்ன "இரண்டு தடவை" இதுதான் என்று நினைக்கிறேன்.

அப்புறம் ஆறு சிலிண்டர். அதில் பிஸ்டன்கள் 120 பாகை இடைவெளியில் இருக்குமாம். மூன்று பிஸ்டனை மட்டும் எடுத்துக்கொண்டேன். முதலாவது உச்சியில் இருக்கும்போது ஆழங்கள் 0, 70.9, 70.9. சராசரி 47.3. கால் சுற்று தள்ளினால் 50.6, 83.7, 7.5. சராசரி மறுபடி 47.3. அரைச் சுற்றில் 88, 26.9, 26.9. மறுபடியும் 47.3! நான் வேண்டுமென்றே கோணல்மாணலான கோணங்களையெல்லாம் போட்டுப் பார்த்தேன், அசையவே இல்லை. மூன்றில் ஒன்று அவசரப்பட்டால் மற்ற இரண்டும் அதை ஈடுகட்டிவிடுகின்றன. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நாளைக்கு இதைக் காட்டப்போகிறேன்.

---

மில் ஃபோர்மன் | செவ்வாய் மாலை 7.40

டீச்சர், முப்பது வருஷம் எஞ்சின் ரூமில் இருந்தேன், இவ்வளவு சுத்தமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. நன்றி.

அந்த 47.3ஐ வைத்தே ராணிக்கும் பதில் சொல்லிவிடலாம். ஆக்ஸியாவில் அதே மூன்று பிஸ்டன்தான். சராசரி அசையாது, அதனால் எஞ்சின் மேலும் கீழும் குதிக்காது. ஆனால் முன் பிஸ்டன் மேலே இழுக்கும்போது கடைசிப் பிஸ்டன் கீழே இழுக்கும், எஞ்சின் பிள்ளைகள் ஆடும் ஏற்றப்பலகை மாதிரி இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஆடும். வரிசையாக ஆறு இருக்கும் எஞ்சினில் இந்த மூன்றுக்கு அந்த மூன்று கண்ணாடிப் பிம்பம் மாதிரி இருப்பதால் அந்த ஆட்டமும் அடிபட்டுவிடும். தம்பியின் மாமா வைத்திருக்கும் வி6 இரண்டு மூன்றுகளை அடுத்தடுத்து சாய்த்து வைத்தது. அதில் குதிப்பு இல்லை, ஏற்றப்பலகை ஆட்டம் கொஞ்சம் மிஞ்சும். அதனால்தான் வரிசை ஆறுதான் ராஜா என்று பழைய ஆட்கள் சொல்வார்கள்.

ஆனால் ராணி, உங்கள் காடி சிக்னலில் ஏர்கான் போட்டால் குலுங்கி, ஓடினால் நின்றுவிடுகிறது. ஐடலில் மட்டும் வந்தால் மவுண்டிங், பிளக், காயில், திரோட்டில் பாடி அழுக்கு, இவற்றைத்தான் பார்க்க வேண்டும். பெல்ட் வேண்டாம்.

இப்போது பெர்டானா. அந்த 6.6 மி.மீ. எவ்வளவு பலமாக இழுக்கும் என்று பாருங்கள். பிஸ்டன், பின், ரிங், ராடின் மேல் பகுதி எல்லாம் சேர்த்து ஒரு சிலிண்டருக்கு 0.6 கிலோ என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். r கிராங்க்கின் ஆரம், L ராடின் நீளம், m அந்த எடை, ω சுற்றும் வேகம்:

```
F = 4 × m × r × ω² × (r / L)
```

750 சுற்றில், அதாவது ஐடலில், இது சுமார் 19 கிலோ எடைக்குச் சமம். ரப்பர் மவுண்டிங் விழுங்கிவிடும். 3000இல் 310 கிலோ. ஒரு மாட்டின் எடை என்று வைத்துக்கொள்ளுங்கள், அது நொடிக்கு நூறு தடவை பிளாக்கை மேலும் கீழும் இழுக்கிறது. 6000இல் ஒன்றேகால் டன். வேகம் இரண்டு மடங்கானால் பலம் நாலு மடங்கு. உங்கள் காடி ஐடலில் சாதுவாக இருந்து 2500க்கு மேல் பேயாடுவதன் காரணம் இதுதான்.

---

லோரி முத்து | செவ்வாய் இரவு 8.20

சரி ஃபோர்மன், கணக்குக்கு எதிராக நான் என்ன சொல்வது. ஆனால் அப்படிப் பார்த்தால் எல்லா நாலு சிலிண்டரும் 3000இல் பேயாட வேண்டுமே. தம்பி காடி போன வருஷம் வரை நன்றாகத்தானே ஓடியிருக்கிறது? அம்மா தூங்கிக்கொண்டு வந்தார் என்கிறார்.

---

மில் ஃபோர்மன் | செவ்வாய் இரவு 9.05

அண்ணே, அங்கேதான் வருகிறேன்.

சின்ன எஞ்சினில் பிஸ்டன் இலகு, ஸ்ட்ரோக் குட்டை. அதனால் 1.3, 1.5இல் இதை யாரும் கண்டுகொள்வதில்லை. இரண்டு லிட்டருக்கு வந்ததும் பிஸ்டன் கனத்துவிடும், பொறுக்க முடியாது. அதற்கான மருந்தை இங்கிலாந்துக்காரர் லான்செஸ்டர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். ஒரு பக்கம் மட்டும் கனமான இரண்டு தண்டுகள். கிராங்க்கைப் போல இரண்டு மடங்கு வேகத்தில், ஒன்று இடமாகவும் ஒன்று வலமாகவும் சுற்ற வேண்டும். பிஸ்டன்கள் கூட்டமாகக் கீழே இழுக்கும் நேரத்தில் இரண்டு தண்டின் கனமும் மேலே இருக்கும். பக்கவாட்டில் வரும்போது ஒன்று இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் இழுப்பதால் அடிபட்டுவிடும். மிட்சுபிஷி 1975இல் இதைச் சீர்படுத்தி, ஒரு தண்டை மற்றதைவிட உயரத்தில் வைத்து, எஞ்சினின் திருகலையும் கொஞ்சம் அடக்கினார்கள். சைலண்ட் ஷாஃப்ட் என்று பெயர். போர்ஷே 944க்கே அந்த உரிமையை வாங்கித்தான் போட்டார்கள். தம்பியின் 4ஜி63இல் இருப்பது அதுதான்.

இப்போது உங்கள் பட்டறை செய்த வேலை. நான் கண்ணால் பார்க்கவில்லை, அதனால் சந்தேகம் என்றே வையுங்கள். இந்த எஞ்சினில் ஒரு தண்டை ஒரு சின்ன பெல்ட் ஓட்டும். மற்றது ஆயில் பம்ப்போடு சேர்ந்தது, அதை டைமிங் பெல்ட்டே ஓட்டும். ஆயில் பம்ப் பல்சக்கரத்தில் ஒரு குறி இருக்கும், அதைப் பிளாக்கிலுள்ள குறியோடு சேர்த்துப் பெல்ட்டை மாட்டுவார்கள். வில்லங்கம் என்னவென்றால், பல்சக்கரத்துக்கும் தண்டுக்கும் நடுவில் பம்ப்பின் கியர் இருக்கிறது, அது ஒன்றுக்கு ஒன்று இல்லை. பல்சக்கரத்தை ஒரு முழுச் சுற்று சுற்றினால் குறி அதே இடத்துக்கு வந்துவிடும், தண்டோ அரைச் சுற்று தள்ளி நிற்கும். குறி சரியாக இருக்கிறது என்று நம்பி மாட்டிவிட்டால் அந்தத் தண்டு முழுக்கத் தலைகீழ்.

தலைகீழானால் என்ன ஆகும்? ஒரு தண்டு நடுக்கத்தில் பாதியை அடக்குகிறது, மற்றது அதே பாதியைத் திரும்பக் கூட்டிவிடுகிறது. மேல் கீழ் ஆட்டம் முழு 310 கிலோவும் வந்துவிட்டது. பக்கவாட்டில் அடிபட வேண்டிய இரண்டும் இப்போது ஒரே பக்கம் இழுப்பதால் அங்கேயும் ஒரு 310. மேலே, பக்கம், கீழே, பக்கம் என்று எஞ்சின் வட்டமடிக்கும். தண்டே இல்லாத எஞ்சினைவிட மோசம். நீங்கள் பானட்டைத் திறந்து பார்த்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

சோதிக்கப் பெல்ட்டைக் கழற்ற வேண்டாம். முதல் சிலிண்டரை உச்சியில் நிறுத்துங்கள். பிளாக்கின் பக்கத்தில் ஒரு பிளக் ஸ்குரூ இருக்கும், அதைக் கழற்றி 8 மி.மீ. தடிமனுள்ள ஸ்குரூடிரைவரை நுழையுங்கள். 60 மி.மீ.க்கு மேல் உள்ளே போனால் தண்டு சரி. 20, 25 மி.மீ.லேயே இரும்பில் முட்டி நின்றால் தலைகீழ். தண்டின் கனமான பக்கம் ஓட்டையை மறைத்துக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம். வெளியே எடுக்க மறக்காதீர்கள், ஸ்குரூடிரைவரை உள்ளேயே விட்டு ஸ்டார்ட் செய்த ஓர் ஆளை எனக்குத் தெரியும்.

---

டர்போ தினேஷ் | புதன் நள்ளிரவு 12.40

ஃபோர்மன் அங்கிள், இந்த வம்பே வேண்டாம். இரண்டு தண்டையும் கழற்றித் தூக்கிப் போட்டுவிடலாம். 4ஜி63 வைத்து ரேஸ் ஓட்டும் பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். எஞ்சின் சீக்கிரமாகச் சுற்றும், ஆயில் வேலை குறையும், அந்தச் சின்ன பெல்ட் அறுந்து டைமிங் பெல்ட்டுக்குள் சிக்கி வால்வு வளைகிற பயமும் இல்லை.

---

மில் ஃபோர்மன் | புதன் காலை 6.10

சின்ன பெல்ட் பயம் நிஜம், அதை நான் மறுக்கவில்லை. அது அறுந்தால் டைமிங் பெல்ட்டை இழுத்துப் போட்டுவிடும், பிஸ்டன் வால்வை முட்டும். அதனால்தான் பெரிய பெல்ட்டை மாற்றும்போது சின்னதையும் மாற்ற வேண்டும் என்கிறோம்.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன். தம்பி காடி இப்போது இருக்கும் நிலையில் இரண்டையும் கழற்றினால்கூட முன்பைவிட நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கழற்றினால் தண்டின் பேரிங்குக்கு ஆயில் போகும் ஓட்டைகளை அடைக்க வேண்டும், அடைக்காவிட்டால் ஆயில் பிரஷர் இறங்கிவிடும். ஆயில் பம்ப் பக்கம் குட்டைத் தண்டு ஒன்று போட வேண்டும். அப்புறம் மேல் கீழ் ஆட்டம் முழுசாக உங்களுடையதுதான். ரேஸ் காடியில் யார் தூங்கப்போகிறார்கள்? இங்கே அம்மா பின் சீட்டில் தூங்க வேண்டும்.

---

டர்போ தினேஷ் | புதன் காலை 8.55

அப்படியானால் சின்ன பெல்ட்டை மட்டும் கழற்றினால்? ஒரு தண்டு நிற்கும், ஒன்று ஓடும். வால்வு வளையாது, நடுக்கமும் பாதிதானே?

---

மில் ஃபோர்மன் | புதன் மதியம் 1.20

கணக்குப்படி மேல் கீழ் ஆட்டம் பாதியாகும், ஆனால் அதே பாதி பக்கவாட்டில் புதிதாக வரும். அது எதையும் போடாததைவிட நல்லதா கெட்டதா என்பது மவுண்டிங் எந்தப் பக்கம் மெத்தென்று இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நான் இரண்டு காடியில் அப்படிப் பார்த்திருக்கிறேன். ஒருவர் பரவாயில்லை என்றார், இன்னொருவர் ஒரே வாரத்தில் பெல்ட்டைத் திரும்பப் போடச் சொல்லி வந்தார்.

---

லோரி முத்து | புதன் மதியம் 1.45

எனக்கு ஒரு சந்தேகம் பாக்கி. கப்சாயில் ஒரே பிஸ்டன். ஜோடி இல்லை, தண்டு இல்லை. அது எப்படி ஓடுகிறது?

---

மில் ஃபோர்மன் | புதன் இரவு 8.30

அங்கேதான் அண்ணே, எதிர் எடை உண்மையாக உழைக்கிறது. ஒரே பிஸ்டன் என்றால் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை வரும் ஆட்டமே பெரிசு, அதோடு ஒரே வேகத்தில் சுற்றும் எதிர் எடையால் அதைத் தொட முடியும். முழுதாக அடிக்கும் அளவு கனம் போட்டால் மேல் கீழ் போய்விடும், அத்தனையும் பக்கவாட்டில் வந்துவிடும். அதனால் பிஸ்டன் எடையில் பாதியளவுக்கு மட்டும் எதிர் எடை போட்டு, ஆட்டத்தை மேலும் கீழும் பாதி, பக்கத்தில் பாதி என்று பங்குபோட்டு விடுவார்கள். மிச்சத்தை ஹேண்டில் பாரும் ஓட்டுகிறவன் கையும் வாங்கிக்கொள்ளும். தோட்டத்தில் மெஷினை முதுகில் மாட்டிப் புல் வெட்டுகிறவர்களிடம் கேளுங்கள், சாயந்திரம் விரல் மடங்காது.

---

சிப்புட் பெர்டானா | சனி மாலை 5.30

ஐயா, பார்த்துவிட்டேன். இந்தத் தடவை பட்டறைக்குப் போகவில்லை, செம்பனை மில்லில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவரைக் கூட்டிவந்தேன். பிளக் ஸ்குரூவைத் தேடவே முக்கால் மணி நேரம், கரி பிடித்துப் பிளாக்கோடு பிளாக்காக இருந்தது. முதல் சிலிண்டரை உச்சிக்குக் கொண்டுவந்து ஸ்குரூடிரைவரை விட்டோம். டொக். நின்றுவிட்டது. விரலால் குறி வைத்து எடுத்து ஸ்கேலில் அளந்தால் 23 மி.மீ.

பெல்ட்டைக் கழற்றினோம். கேம் குறி, கிராங்க் குறி, ஆயில் பம்ப் குறி மூன்றும் அச்சாகச் சேர்ந்து நின்றன. குறி விஷயத்தில் பட்டறைக்காரர் ஏமாற்றவில்லை, பார்த்துத்தான் மாட்டியிருக்கிறார். ஆயில் பம்ப் பல்சக்கரத்தை மட்டும் ஒரு முழுச் சுற்று சுற்றிக் குறியை மறுபடி சேர்த்தோம். ஸ்குரூடிரைவர் கைப்பிடி வரை போய்விட்டது. அதை அப்படியே உள்ளே விட்டுத் தண்டு அசையாமல் பிடித்துக்கொண்டு பெல்ட்டை மாட்டினோம். (வெளியே எடுத்துவிட்டோம் ஐயா, அண்ணன் இரண்டு தடவை கேட்டார்.)

சின்ன பெல்ட்டைப் பார்த்தால் அதுதான் அப்பா காலத்துப் பெல்ட். ஓரமெல்லாம் வெடித்து நூல் தெரிந்தது. பில்லில் அதற்குக் காசு போட்டிருக்கிறார்கள். புதிது வாங்கி மாட்டினோம், 45 வெள்ளி.

இன்று காலை ஈப்போ போய் வந்தேன். 3000இல் கண்ணாடியில் லோரி நம்பர் தெரிகிறது. 4000க்கு மேல் கொஞ்சம் முணுமுணுப்பு இருக்கிறது, அது முன்பும் இருந்ததா என்று எனக்கு ஞாபகமில்லை. மாமாவின் வி6 அளவுக்கு இல்லைதான்.

---

கணக்கு டீச்சர் | சனி இரவு 7.10

அந்த முணுமுணுப்பு பற்றி ஒரு சின்னக் குறிப்பு. என் குச்சிக் கணக்கை நுணுக்கிப் பார்த்தேன். சராசரியின் ஏற்ற இறக்கம் முழுக்க முழுக்க "இரண்டு தடவை" மட்டும் இல்லை, அதற்குள் நாலு தடவை வரும் மிகச் சின்ன ஆட்டம் ஒன்றும் கலந்திருக்கிறது. தண்டுகள் இரண்டு மடங்கு வேகத்தில்தான் சுற்றுகின்றன என்றால் அதைத் தொடாதே?

---

மில் ஃபோர்மன் | சனி இரவு 8.00

தொடாது டீச்சர். ஆனால் அது ரொம்பச் சின்னது, காலில் உணரும் அளவுக்கு இருக்காது. 4000இல் வரும் முணுமுணுப்பு எக்ஸாஸ்ட் பைப் ஹேங்கராகவும் இருக்கலாம், புது மவுண்டிங் ரப்பர் இன்னும் கெட்டியாக இருப்பதாகவும் இருக்கலாம். காடியைப் பார்க்காமல் சொல்ல மாட்டேன்.

---

ஆக்ஸியா ராணி | ஞாயிறு காலை 10.20

ஃபோர்மன் ஐயா, என் காடியில் ஒரு காயில் போயிருந்தது. மாற்றியதும் பாதி குலுக்கல் நின்றுவிட்டது. மிச்சப் பாதிக்கு மவுண்டிங் 180 வெள்ளி என்கிறார்கள். மாற்றலாமா, இல்லை அந்த ஏற்றப்பலகை ஆட்டம் என்று விட்டுவிடவா?

---

மில் ஃபோர்மன் | ஞாயிறு காலை 11.05

பானட்டைத் திறந்து வைத்து, பிரேக்கை நன்றாக அழுத்தி, கியரை டியில் போட்டு ஆருக்கு மாற்றச் சொல்லி யாரையாவது உட்கார வையுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள், காடிக்கு முன்னால் நிற்கக் கூடாது. எஞ்சின் டொக்கென்று தூக்கிப் போட்டால் மாற்றுங்கள். லேசாக அசைந்து நின்றால் 180 வெள்ளியைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.